முடிவை ஒளித்துவைக்கும் அறிக்கைகள்

போன வாரம் காலை நடைப்பயிற்சியில், கல்லூரிப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரோடு வாக்குவாதம் ஆகிவிட்டது. கடற்கரைச் சாலையில் தொடங்கி வீட்டு வாசல் வரை வந்தும் முடியவில்லை. மாணவர்கள் எழுதும் திட்ட அறிக்கை பற்றித்தான் பேச்சு. "நீங்கள் என்ன சொன்னாலும் சரி, எண்பது பக்கம் இருந்தால்தான் பிள்ளை உழைத்திருக்கிறான் என்று தெரியும். திருத்துகிறவன் புரட்டிப் பார்ப்பான், கனம் பார்ப்பான், மதிப்பெண் போடுவான்" என்றார். நடந்துகொண்டே சொன்ன பதில் எனக்கே திருப்தி தரவில்லை. அதனால் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். அவரும் இதைப் படிப்பார்.

இந்தச் சண்டையில் நான் சுத்தமான ஆள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் பேத்தி தொலைதூரக் கல்வியில் நிர்வாகப் படிப்பு படிக்கிறாள். அவளுடைய திட்ட அறிக்கையின் முன்வரைவு நூற்றுக்கு 43 வாங்கித் திரும்பி வந்தது. அந்தக் குறைவில் பாதிக்கு நான்தான் காரணம்.

அவள் எடுத்துக்கொண்ட பொருள் நல்லது. எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு ரொட்டிக் கடை இருக்கிறது. விறகு அடுப்பில் நீள ரொட்டி போடுகிறவர்கள். தினமும் 400 ரொட்டி போட்டு, மாலையில் மிஞ்சுவதை மாட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். எவ்வளவு மிஞ்சுகிறது, ஏன் மிஞ்சுகிறது, எப்படிக் குறைக்கலாம்? இந்த மூன்றுதான் கேள்வி. பிள்ளை 28 நாள் தொடர்ந்து மாலை ஏழு மணிக்குப் போய் மிச்ச ரொட்டியை எண்ணி எழுதினாள். மழையில் நனைந்துகொண்டுகூடப் போனாள். உழைப்பில் குறை சொல்ல முடியாது.

எழுதும் நேரம் வந்ததும் இரண்டு இடத்தில் யோசனை கேட்டாள். ஒன்று, பைண்டிங் கடையில் விலைக்குக் கிடைக்கும் 'மாடல் ரிப்போர்ட்'. இன்னொன்று நான்.

நான் அறுபதுகளில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 'திஸெர்த்தாசியோன்' என்ற கட்டுரை வடிவத்தை எங்கள் எலும்பில் எழுதிவிட்டார்கள். முன்னுரையில் பொருளை அறிமுகம் செய்ய வேண்டும். பிறகு கேள்வியை எழுப்ப வேண்டும். அடுத்து, 'முதல் பகுதியில் இதைப் பார்ப்போம், இரண்டாம் பகுதியில் அதைப் பார்ப்போம்' என்று திட்டத்தை அறிவிக்க வேண்டும். விடையை மட்டும் வாய்திறக்கக் கூடாது. ஒரு பக்கம் வாதாடி, மறுபக்கம் வாதாடி, இரண்டையும் இணைத்து, கடைசியில்தான் திரை விலகும். முன்னுரையிலேயே முடிவைச் சொன்னவன் நோட்டுப் புத்தகத்தில் எங்கள் ஆசிரியர் சிவப்பு மையால் ஒரு நீண்ட கோடு இழுப்பார். ஐம்பது ஆண்டு கழிந்தும் அந்தக் கோடு என் கண்ணில் நிற்கிறது.

ஆகவே பேத்தி, "தாத்தா, எக்ஸிகியூட்டிவ் சம்மரியில் என்ன எழுதுவது?" என்று கேட்டபோது, பெரிய அறிவாளிபோல, "விடையைச் சொல்லிவிடாதேம்மா. என்னென்ன பார்க்கப்போகிறோம் என்று மட்டும் அறிவி" என்றேன். பழைய பிரெஞ்சுப் பழக்கம் இன்னொன்றும் காலை வாரியது. பிரெஞ்சில் 'சொமேர்' என்றால் புத்தகத்தின் முன்னால் வரும் பொருளடக்கம். ஆங்கிலத்தில் 'சம்மரி' என்றால் சுருக்கம். காதுக்கு இரண்டும் அக்கா தங்கை, வேலையோ வேறு வேறு. சுருக்கத்தைப் பொருளடக்கம் என்று நினைத்தே யோசனை சொன்னேன்.

அவள் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்:

"இந்த அறிக்கை ஒரு ரொட்டிக் கடையில் ஏற்படும் வீணாதலை ஆராய்கிறது. முதல் அத்தியாயம் ரொட்டித் தொழிலின் வரலாற்றை விளக்குகிறது. இரண்டாம் அத்தியாயம் ஆய்வு முறையை விவரிக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில் தரவுகள் பகுப்பாய்வு செய்யப்படுகின்றன. இறுதியில் முடிவுகளும் பரிந்துரைகளும் வழங்கப்படுகின்றன."

திருத்தியவர் ஓரத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்: 'அறிக்கையில் என்ன இருக்கிறது என்று சொல்கிறீர்கள். என்ன கண்டீர்கள் என்று சொல்லவில்லை.' அந்தப் பகுதிக்கு 15க்கு 4.

அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அதையே வேறு வார்த்தையில் நான் முப்பது வருடம் கேட்டிருக்கிறேன். சர்க்கார் ஆபீசில் கோப்பு எழுதியவர்களுக்குத் தெரியும். ஒரு கோப்புக்கு இரண்டு பக்கம் உண்டு. வந்த கடிதம், போன கடிதம், ஆதாரக் காகிதம் எல்லாம் ஒரு பக்கம். நாங்கள் எழுதும் குறிப்பு இன்னொரு பக்கம். கோப்பு இருநூறு பக்கம் தடித்திருந்தாலும் அதிகாரி படிப்பது அந்தக் குறிப்பைத்தான். அது தன்னளவில் முழுமையாக நிற்க வேண்டும். விஷயம் என்ன, விதி என்ன சொல்கிறது, கணக்கு எவ்வளவு வருகிறது, என்ன உத்தரவு போடலாம், எல்லாம் அதிலேயே வந்துவிட வேண்டும். நான் சேர்ந்த புதிதில் ஒரு குறிப்பில் 'விவரங்கள் கோப்பில் காண்க' என்று எழுதி மேலே அனுப்பினேன். கோப்பு திரும்பி வந்தது. அதிகாரி கேட்டிருந்தார்: 'கோப்பை நான் படிப்பதென்றால் நீர் எதற்கு?'

எக்ஸிகியூட்டிவ் சம்மரி என்பது அந்தக் குறிப்புதான். பெயரிலேயே இருக்கிறது, முடிவெடுக்கிற நிர்வாகிக்கான சுருக்கம். அவர் அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு அறிக்கையை மூடினாலும் சரியான உத்தரவு போட முடிய வேண்டும். வேலை நாளெல்லாம் இதைச் செய்துவிட்டு, பேத்தி கேட்டபோது பள்ளிக்கூடப் பையனாக மாறிவிட்டேன். இதுதான் என் குற்றம்.

மாடல் ரிப்போர்ட் செய்த கெடுதல் வேறு வகை. அதற்கு நான் பொறுப்பில்லை. யார் பொறுப்பு என்று என் நண்பர்தான் சொல்ல வேண்டும். அந்த அச்சில் வார்த்தால் அறிக்கை இப்படித்தான் வரும். முகப்பு, சான்றிதழ், உறுதிமொழி, கடவுளில் தொடங்கி பெற்றோர் வழியாக நண்பர்கள் வரை நன்றியுரை, அதன்பின் தொழிலின் உலக வரலாறு, இந்திய வரலாறு, நிறுவன வரலாறு. இப்படி முப்பது பக்கம் கடந்தால்தான் பிள்ளை எண்ணிய முதல் ரொட்டி கண்ணில் படும். அதன் பிறகு ஐம்பது வாடிக்கையாளரிடம் கேட்ட கேள்விப்பட்டியல். ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அட்டவணை, ஒரு வட்டப் படம், அதன் கீழே 'மேற்கண்ட அட்டவணையிலிருந்து 54 விழுக்காட்டினர் ஆண்கள் என்று தெரிகிறது' என்று ஒரு வாக்கியம். ஆண்களாக இருந்தால் என்ன, பெண்களாக இருந்தால் என்ன? மிஞ்சிய ரொட்டிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அந்தப் படத்தை அறிக்கையில் வேறெந்த இடத்திலும் பயன்படுத்தவே இல்லை. பக்கம் நிரப்பியது, அவ்வளவுதான்.

பேத்தியின் பாடத்தோடு மதிப்பெண் பிரிப்புத் தாள் ஒன்று வந்திருக்கிறது. அவள் அதைக் கடைசியில்தான் பார்த்தாள். பெரும்பாலான பிள்ளைகள் அப்படித்தான். சுருக்கத்துக்கு 15, ஆய்வு முறைக்கு 15, கண்டறிந்தவற்றுக்கும் அவற்றை ஆராய்வதற்கும் 40, முடிவுக்கும் பரிந்துரைக்கும் 20, அமைப்பு, மொழி, மேற்கோள், பின்னிணைப்பு ஒழுங்குக்கு 10. கூட்டினால் நூறு. இதில் கனத்துக்கு எத்தனை? வரலாற்றுக்கு எத்தனை? நன்றியுரைக்கு? ஒன்றுமில்லை. நண்பர் காலத்தில் எடை பார்த்து மதிப்பெண் போட்டிருக்கலாம். இப்போது திருத்துகிறவர் இந்தத் தாளை அருகில் வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாக நிரப்புகிறார். அவர் தேடுகிற பொருள் தேடுகிற இடத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு படிப்புக்கும் பிரிப்பு மாறும், ஆகவே முதலில் கையில் எடுக்க வேண்டியது அந்தத் தாளைத்தான்.

சரி, மறுபடி எழுத உட்கார்ந்தோம். இந்தத் தடவை நான் உத்தரவு போடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி மட்டும் கேட்டேன்.

உடல் பகுதியில் தொடங்கினோம். சுருக்கம் முதலில் நிற்கும், ஆனால் கடைசியில்தான் எழுத வேண்டும். சுருக்க வேண்டியது எழுதி முடியாமல் எதைச் சுருக்குவது? முதல் வரைவில் பேத்தி நாட்குறிப்புபோல எழுதியிருந்தாள். முதல் நாள் கடைக்காரரைச் சந்தித்தேன், இரண்டாம் நாள் எண்ணினேன், மூன்றாம் நாள் மழை, என்று போனது. தான் செய்த வரிசையில் எழுதுவது எல்லோருக்கும் எளிது. படிக்கிறவருக்கோ அதில் அக்கறை இல்லை. அவர் கேள்வி வரிசையில்தான் படிக்கிறார். ஆகவே கேள்விகளையே தலைப்பாக்கி எண்ணிட்டோம். எவ்வளவு மிஞ்சுகிறது, எந்தெந்த நாளில் மிஞ்சுகிறது, குறைத்துப் போட்டால் என்ன ஆகும். அவற்றுக்கு முன்னால் கடையைப் பற்றி அரைப் பக்கம், எண்ணிய முறையைப் பற்றி ஒரு பக்கம். எத்தனை மணிக்கு எண்ணினாள், உடைந்த ரொட்டியைச் சேர்த்தாளா, எந்த நாளாவது விடுபட்டதா என்பதெல்லாம் முறைப் பகுதியில் வந்துவிட்டது. இன்னொருவர் அதே கடையில் அதேபோல எண்ண முடிந்தால் அந்தப் பகுதி சரி.

28 நாள் கணக்கு முதல் வரைவில் நாலு பக்கம் நீண்டிருந்தது. அதில் ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. "கிழமை வாரியாகக் கூட்டிப் பாரேன்" என்றேன். கூட்டினாள். சராசரியாகத் திங்களன்று 80, செவ்வாயன்று 90, புதனன்று 70, வியாழன் 40, வெள்ளி 30, சனி 26 மிஞ்சியிருந்தன. ஞாயிறன்று ஒன்றும் மிஞ்சவில்லை, காலையிலேயே தீர்ந்துவிடுகிறது. வாரத்துக்கு மொத்தம் 336. போட்டது 2,800. அதாவது 12 விழுக்காடு. அந்த 336இல் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளில் மட்டும் 240. பத்தில் ஏழு பங்குக்கும் மேல். ஏழே வரி அட்டவணை, உடனே விஷயம் துலங்கிவிட்டது. அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. 28 நாள் எண்ணியவளே கவனிக்காமல் இருந்தாள்.

இந்த ஏழு வரி உடலில் இருக்கட்டும், நாள்வாரிக் கணக்கு பின்னிணைப்புக்குப் போகட்டும் என்று பிரித்தோம். பின்னிணைப்பைப் பற்றி இரண்டு தப்பான எண்ணம் நடமாடுகிறது. உடலில் இடமில்லாததையெல்லாம் கொட்டும் பரண் அது என்பது ஒன்று. வார்த்தைக் கணக்கில் சேராததால் முக்கியமான வாதத்தை அங்கே ஒளித்து வைக்கலாம் என்பது இன்னொன்று. இரண்டாவது ஆபத்தானது. பல படிப்புகளில் பின்னிணைப்பு வார்த்தை வரம்பில் சேராது என்பது உண்மை. அதே காரணத்தால் திருத்துகிறவர் அதைப் படித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. படிக்காத இடத்தில் வைத்த வாதத்துக்கு யார் மதிப்பெண் போடுவார்?

கோப்பில் நாங்கள் கொடி வைப்போம். 'ஃபிளாக் ஏ', 'ஃபிளாக் பி' என்று சிறு சீட்டுகளை ஆதாரக் காகிதங்களில் குத்தி, குறிப்பில் அந்தந்த வாக்கியத்துக்கு நேராக ஓரத்தில் அதே எழுத்தைப் போடுவோம். குறிப்பில் கூப்பிடாத கொடி கோப்பில் இருந்தால் கண்காணிப்பாளர் பிடுங்கி எறிவார். குறிப்பில் கூப்பிட்டு, கோப்பில் கொடி இல்லாவிட்டால் எங்களைப் பிடுங்குவார். பின்னிணைப்புக்கும் இது போதும். அதிகாரி சந்தேகப்பட்டால் கொடியைத் திருப்பிப் பார்ப்பார், சந்தேகம் இல்லாவிட்டால் திருப்பாமலே கையெழுத்துப் போடுவார். பேத்தியின் முதல் வரைவில் ஒன்பது பின்னிணைப்பு இருந்தது. உடலில் கூப்பிட்டது மூன்றைத்தான். கடையின் புகைப்படம் ஆறு, அனுமதிக் கடிதம், ஏதோ இணையத்திலிருந்து எடுத்த மாவுக் கையேடு எல்லாம் போய், நாள்வாரிக் கணக்கு, கேள்விப்பட்டியல், செலவுக் கணக்கு என்ற மூன்று மட்டும் நின்றன. அனுமதிக் கடிதத்தைக் கேட்கும் கல்லூரியும் உண்டு, கேட்டால் வைக்க வேண்டியதுதான். பேத்தியின் தாளில் கேட்கவில்லை.

உடலின் கடைசிப் பகுதிதான் உண்மையான சோதனை. திங்கள் முதல் புதன் வரை 400க்குப் பதிலாக 340 போட்டால் என்ன? முதல் வரைவில், 'உற்பத்தியைக் குறைத்தால் வீணாதல் குறையும்' என்று ஒரு வரியில் முடித்திருந்தாள். ரொட்டி கிடைக்காமல் திரும்பிப் போகிறவனைப் பற்றி என்ன என்று கேட்டேன். நாள்வாரிக் கணக்கை எடுத்து அந்தப் பன்னிரண்டு நாளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு புதன்கிழமை மட்டும் 352 விற்றிருந்தது. அன்று 340 போட்டிருந்தால் 12 பேருக்கு இல்லை என்று சொல்லியிருப்பார்கள். மற்றப் பதினொரு நாளும் 340 போதும்.

அப்படியானால் நான்கு வாரத்தில் 720 ரொட்டி குறைவாகப் போடலாம். ஒரு ரொட்டிக்கு மாவு, ஈஸ்ட், உப்பு சேர்த்து 6 ரூபாய் என்று கடைக்காரர் கணக்கு. ஆக மிச்சம் 4,320 ரூபாய். கைநழுவிய 12 ரொட்டியின் விற்பனை, தலா 10 ரூபாய் வீதம் 120. நிகர மிச்சம் 4,200. வீணாவது 12 விழுக்காட்டிலிருந்து சுமார் 6க்கு இறங்குகிறது. விறகைச் சேர்க்கவில்லை, ஏனென்றால் 340 போட்டாலும் 400 போட்டாலும் அடுப்பு ஒரே தடவைதான் மூட்டுவார்கள். கூலியும் அப்படியே. அதையும் எழுதச் சொன்னேன். எதைச் சேர்க்கவில்லை, ஏன் சேர்க்கவில்லை என்று எழுதுகிற இடத்தில்தான் ஆராய்ச்சிக்கான மதிப்பெண் விழுகிறது.

அடுத்து முடிவு. பேத்தியின் பழைய முடிவுரையில், 'வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் வசதியைத் தொடங்கலாம், சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்யலாம்' என்று இருந்தது. நல்ல யோசனையாகவே இருக்கட்டும். ஆனால் அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் வீட்டு விநியோகம் பற்றி ஒரு சொல் இல்லை. திருத்தியவர் அங்கே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். மாடல் ரிப்போர்ட்டில் அது இருந்தது, பிள்ளை எடுத்து வைத்துவிட்டாள். அங்கே அது ஒரு ஜவுளிக் கடைக்கு எழுதிய பரிந்துரை!

இதற்கு நாங்கள் ஒரு பென்சில் எடுத்தோம். முடிவில் வரும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நேரே ஓரத்தில், அது உடலில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று எண் போட வேண்டும். எண் போட முடியாத வாக்கியத்தை அடித்துவிட வேண்டும். பதினான்கு வாக்கியத்தில் ஒன்பது போனது. முதலில் அவளுக்கு அழுகை வந்தது, பிறகு சிரித்தாள். மிஞ்சிய ஐந்தை மூன்று கேள்விக்கான மூன்று விடையாகக் கட்டினாள். பரிந்துரை தனி. இவை இரண்டும் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள். 'வார முதல் மூன்று நாளில்தான் பெரும்பகுதி மிஞ்சுகிறது' என்பது முடிவு, அது கண்டது. 'அந்த மூன்று நாளில் 340 போடுங்கள், இரண்டு மாதம் எண்ணிப் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குங்கள்' என்பது பரிந்துரை, அது செய்ய வேண்டியது. யார், எப்போது, எவ்வளவு என்று மூன்றும் இல்லாத பரிந்துரை வெறும் வாழ்த்து.

முடிவுக்குள்ளேயே ஒரு வரம்பையும் எழுதினாள். 28 நாள் என்பது ஒரே பருவம். பள்ளி விடுமுறையிலும் சுற்றுலாப் பயணிகள் கூட்டம் வரும் மாதங்களிலும் கணக்கு மாறலாம். இதை எழுதினால் பலவீனம் என்று நண்பர் சொல்வார். எழுதாமல் விட்டால் திருத்துகிறவர் எழுதுவார், சிவப்பு மையில்.

கடைசியாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சுருக்கம். அறிக்கை மொத்தம் நாலாயிரம் சொல், சுருக்கம் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்று தாளில் இருந்தது. அவள் எழுதியதன் சாரம் இது:

"இந்தக் கடை தினமும் 400 ரொட்டி போடுகிறது. 28 நாள் தொடர்ந்து மாலை ஏழு மணிக்கு எண்ணியதில் 12 விழுக்காடு மிஞ்சியது. மிஞ்சியதில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் திங்கள், செவ்வாய், புதன் கிழமைகளுடையது. ஞாயிறன்று எதுவும் மிஞ்சவில்லை. அந்த மூன்று நாளில் மட்டும் 340 போட்டால், மிச்சம் சுமார் 6 விழுக்காடாகக் குறையும். கைநழுவும் விற்பனையைக் கழித்து நான்கு வாரத்துக்கு 4,200 ரூபாய் மீதமாகும். கணக்கு ஒரே பருவத்தைச் சார்ந்தது. ஆகவே இரண்டு மாதம் சோதனையாகச் செய்து, தினமும் எண்ணி, பிறகு நிரந்தரமாக்கலாம் என்று பரிந்துரைக்கிறேன்."

படித்துவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாளிடம் கொடுத்தோம். அவர் அறிக்கையைப் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை படித்துவிட்டு, "அப்போ திங்கக்கிழமை நாம லேட்டா போனாலும் ரொட்டி கிடைக்கும்னு சொல்லுங்க. இனிமே கிடைக்காதா?" என்று கேட்டார். விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது.

நண்பரின் கடைசி அம்பு இது: "எல்லாவற்றையும் முதல் பக்கத்திலேயே கொட்டிவிட்டால் மீதியை யார் படிப்பார்?" நானும் பள்ளிக்கூட நாளிலிருந்து இப்படியே நினைத்தவன். இது கட்டுரைக்குப் பொருந்தும், கதைக்குப் பொருந்தும். கட்டுரையில் எங்கள் ஆசிரியர் பார்த்தது பையன் எப்படி யோசிக்கிறான் என்பதை, விடை அவருக்கு முக்கியமே இல்லை. அறிக்கை கேட்கிறவருக்கு விடைதான் வேண்டும், யோசித்த வழி சந்தேகம் வந்தால் மட்டும். அதனால்தான் அங்கே விடை கடைசியிலும் இங்கே முதலிலும் நிற்கிறது. திருத்துகிறவர் மீதியைப் படிப்பாரா என்றால், படிப்பார். சுருக்கத்தில் 6 விழுக்காடு என்று படித்தவர், அது எப்படி வந்தது என்று தேடிக்கொண்டு உடலுக்குள் நுழைகிறார். என்ன தேடுகிறோம் என்று தெரிந்து படிக்கிற ஆளுக்கும், முப்பது பக்க ரொட்டி வரலாற்றில் தொலைந்து கொட்டாவி விடுகிற ஆளுக்கும் வித்தியாசம் இல்லையா? நண்பரே, நீங்களே எத்தனை தாள் திருத்தியிருக்கிறீர்கள். மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள், அந்த முப்பது பக்கத்தை என்றைக்காவது படித்தீர்களா?

நண்பர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. சில இடங்களில் இன்னும் பக்கக் கணக்கு கேட்கிறார்கள். 'எழுபது பக்கத்துக்குக் குறையக் கூடாது' என்று விதியே எழுதி வைத்திருந்தால் பிள்ளை என்ன செய்யும்? நிரப்பித்தான் ஆக வேண்டும். அந்தக் கோபத்தை நிரப்புகிற பிள்ளை மேல் காட்டக் கூடாது, விதி எழுதியவர் மேல் காட்ட வேண்டும். ஆனால் அங்கேயும் சுருக்கம் சுருக்கமாக இருக்க யார் தடுத்தார்கள்? முடிவில் ஊர்பேர் தெரியாத யோசனை வராமல் இருக்க எந்த விதி குறுக்கே நின்றது?

பேத்தியின் இறுதி அறிக்கை பின்னிணைப்போடு சேர்த்து 22 பக்கம் வந்தது. 71 வாங்கினாள். சுருக்கத்துக்கு 15க்கு 12. முறைப் பகுதியில் மட்டும் கொஞ்சம் போனது, ஏழு மணிக்குப் பிறகு விற்ற ரொட்டியை எப்படிக் கணக்கில் எடுத்தாய் என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. எனக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

பைண்டிங் கடைக்கு நான்தான் கொண்டுபோனேன். கடைக்காரர் காகிதத்தைக் கையில் எடுத்து இரண்டு விரலால் கனம் பார்த்தார். "மீதியை எங்க சார் வெச்சிட்டு வந்தீங்க?" என்றார். இவ்வளவுதான் என்றேன். "முதுகுல தங்க எழுத்து நிக்காதே, பத்து வெள்ளைத் தாளாவது சேர்த்துக்கலாமா?" என்று கேட்டார். வேண்டாம், ஸ்பைரல் போதும் என்று சொல்லி முப்பது ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.